உடன் வேலை பார்ப்பவரின் அப்பா அம்மா தவறிவிட்டால் என்ன எழுதுவது: முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். யார் வீட்டிலாவது துக்கம் என்றால், சின்னப் பிள்ளைகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, என்ன எழுதறதுன்னே தெரியல." அவர்கள் எழுதிக்கொண்டு வருவதில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் ஆறேழுதான். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசை எனக்குப் பிடிபட்டது.

இது உடன் வேலை பார்ப்பவருக்கு நீங்கள் தனியாக அனுப்பும் வாட்ஸப் செய்திக்கானது. அலுவலகம் சார்பில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரின் வாசகம் வேறு சமாசாரம். நம் பக்கத்தில் நேரில் போய் நிற்பதுதான் துக்கம் விசாரிப்பது. செய்தி அதற்கு மாற்று ஆகாது. நீங்கள் போய்ச் சேரும்வரைக்கும், போக முடியாத நாட்களிலும் உங்கள் இடத்தில் அது நிற்கிறது, அவ்வளவுதான்.

1. எழுதும் முன்பு மூன்று விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

தவறியது யார், எப்போது எடுக்கிறார்கள், எந்த ஊரில். இந்த மூன்றும் தெரியாமல் ஒரு எழுத்துகூடத் தட்ட வேண்டாம்.

யார் என்பதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. "சார் வீட்டுல அப்பா" என்று ஒருவர் சொல்வார். அது மாமனாராக இருக்கும். மனைவியின் அப்பாவைச் சிலர் அப்பா என்றேதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை எங்கள் அலுவலகக் குரூப்பில், அப்பாவை இழந்தவருக்கு "அம்மாவின் ஆன்மா சாந்தியடைய" என்று ஒருவர் போட்டுவிட்டார். முந்தைய மாதம் இன்னொருவருக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு. அவருடைய அம்மா அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பிறகு அழித்தாலும், அழித்த தடம் அங்கேயே கிடந்தது.

இந்த விவரங்களைத் துக்க வீட்டில் கேட்கக் கூடாது. அலுவலகத்தில் முதலில் யாருக்குச் செய்தி வந்ததோ அவரிடம் கேளுங்கள். அவர் ஒருவரே எல்லோருக்கும் சொல்லட்டும். ஐஸ் பெட்டி வரவில்லை, பந்தல்காரர் போனை எடுக்கவில்லை, வெளியூர்த் தங்கை வந்து சேரவில்லை என்று துக்க வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருக்கும்போது பத்துப் பேர் கூப்பிட்டு "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டால், பத்து முறையும் அவர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

2. குரூப்பில் போடுவதற்கு முன்னால் தனியாக அனுப்புங்கள்

குரூப்பில் இருபது பேர் கைகூப்பிய படம் போட்டிருப்பார்கள். அதில் உங்களுடையது இருபத்தொன்றாவது. அந்த வீட்டில் இருப்பவர் அதைப் படிக்க மாட்டார், விரலால் தள்ளிவிட்டுப் போவார். தனியாக வரும் செய்தியைத்தான் பதினைந்து நாள் கழித்து, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து படிப்பார். என் அம்மா தவறியபோது நான் அப்படித்தான் படித்தேன்.

எடுப்பதற்கு முன்பே நேரில் போய்விடுவீர்கள் என்றால் செய்தி ஒரு வரி போதும். போக முடியாது என்றால் அன்றைக்கே முழுதாக எழுதிவிடுங்கள். நாள் தள்ளினால் என்ன ஆகும் என்றால், தாமதத்துக்குக் காரணம் சொல்லவே பாதிச் செய்தி போய்விடும். "வெளியூர்ல இருந்தேன், நெட் இல்ல, இப்பத்தான் பார்த்தேன்" என்று உங்கள் கதை ஆரம்பித்துவிடும். அப்படியே தாமதமானாலும் காரணம் எழுத வேண்டாம். நேராக விஷயத்துக்கு வாருங்கள்.

ஸ்டிக்கர், தீபம் எரியும் படம், வேறு எங்கிருந்தோ வந்த கவிதை எதுவும் வேண்டாம். ஃபார்வர்டு என்ற அந்தச் சின்ன எழுத்து மேலே நிற்கும்போது கீழே என்ன இருந்தாலும் மனசு ஏற்காது. குரூப்பில் வந்த மரணச் செய்திக்குக் கட்டைவிரல் படம் போடுபவர்களும் இருக்கிறார்கள். "பார்த்துவிட்டேன்" என்ற அர்த்தத்தில்தான் போடுகிறார்கள், ஆனால் பார்க்கிறவருக்கு அது அப்படித் தெரியாது.

3. தினமும் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள்

"அன்னாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது பேனர் தமிழ். தினமும் "அண்ணே, டீ சொல்லவா?" என்று கேட்கிற ஆளுக்கு அதை அனுப்பினால், அன்றைக்குத்தான் நீங்கள் அவரை விட்டு விலகி நிற்பதுபோல இருக்கும். அண்ணே என்று கூப்பிடுவீர்களா, அண்ணே என்றே தொடங்குங்கள். மேடம் என்றால் மேடம். துக்கத்துக்காகப் புதிதாக உறவுமுறை எதையும் சேர்க்க வேண்டாம்.

தவறியவரை "அப்பா", "அம்மா" என்றே குறிப்பிடுங்கள், மரியாதைப் பன்மையோடு. "உங்க ஃபாதர்" என்றோ "உங்கள் தந்தையார்" என்றோ எழுதினால் யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவது போலாகிவிடும். "இறந்துட்டாங்க" என்பதைவிடத் "தவறிட்டாங்க" என்ற சொல் நம் பக்கத்தில் மென்மையாக விழும்.

மேலதிகாரிக்கு எழுதுவது என்றால் கொஞ்சம் எழுத்துத் தமிழ் வரலாம், தப்பில்லை. அங்கேயும் "அன்னார்" வேண்டாம்.

4. அந்த வீட்டுச் சொல் எது என்று பாருங்கள்

இதில்தான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "ஆன்மா சாந்தியடைய" என்பது எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருந்தாது.

நம் மாவட்டங்களில் பெரியார் வழிக் குடும்பங்களும், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் செங்கொடிக் குடும்பங்களும் நிறைய. அந்த வீட்டில் ஆன்மாவும் கிடையாது, இறைவனடியும் கிடையாது. கருமாதி இருக்காது, படத்திறப்பு மட்டும் இருக்கும். கடைசிவரைக்கும் கோயில் வாசல் மிதிக்காத ஒரு பெரியவரைப் பற்றி "இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதினால், அவர் வாழ்ந்த வாழ்க்கையையே நாம் திருத்தி எழுதுவதுபோல் ஆகிவிடும். பிள்ளைக்கு அது வலிக்கும்.

கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கத்து நண்பர் என்றால் மௌத்துச் செய்தி வந்த அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு சீக்கிரம் செயல்பட வேண்டும். அரபு வாசகத்தைத் தெரியாமல் எழுத்துப்பிழையோடு போடுவதைவிட, "அத்தா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், மனசு கஷ்டமா இருக்கு" என்று எழுதுவதே நேர்மை. அவர் அத்தா என்கிறாரா, வாப்பா என்கிறாரா என்பது தினமும் கேட்டதுதானே, அதையே எழுதுங்கள்.

கத்தோலிக்க வீட்டில் "ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும்" என்பார்கள். தரங்கம்பாடி லுத்தரன் நண்பர் வீட்டில் "கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தருவாராக" என்று இருப்பவர்களுக்காகக் கேட்பதே பொருத்தம்.

இத்தனையும் நினைவில் வைக்க முடியவில்லை என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டார் அனுப்பிய செய்தியில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "இயற்கை எய்தினார்" என்றிருந்தால் கடவுளைக் கொண்டுவராதீர்கள். "சிவலோக பதவி" என்றிருந்தால் அது அவர்கள் சொல், நீங்கள் சாந்தி என்று எழுதினால் குறையில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் நம்பிக்கை சார்ந்த வரியையே விட்டுவிடுங்கள். விட்டதை யாரும் தேட மாட்டார்கள்.

5. நான்கு வரி, இந்த வரிசையில்

போன தை மாதம் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரின் அப்பா தவறினார். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். பெரியார் வழிக் குடும்பம். சம்பா அறுவடை நேரம். கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண் இப்படி எழுதி எடுத்து வந்தாள்:

"அண்ணா, அப்பா இறந்த செய்தி கேட்டு அதிர்ச்சி அடைந்தேன். என்ன ஆச்சு? போன வாரம் நல்லாத்தானே இருந்தாங்க? அப்பாவின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன். தைரியமா இருங்க, இனிமே நீங்கதான் அம்மாவைப் பாத்துக்கணும். எந்த உதவி வேணும்னாலும் தயங்காம கேளுங்க."

அவள் மனசார எழுதியதுதான். ஆனால் இதைப் படிப்பவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள். இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தைரியமாக இருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவி என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்கவும் வேண்டும். துக்கத்தில் இருக்கிறவர் தலையில் ஐந்து வேலை ஏற்றியாகிவிட்டது.

உட்கார்ந்து இருவரும் மாற்றி எழுதினோம்:

"அண்ணே, அப்பா தவறிட்டாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு. சித்திரையில மஞ்சப்பையில பயறு கொண்டாந்து குடுத்துட்டு, 'புடைச்சுட்டேன், கல்லு இருந்தா மட்டும் பாத்துக்கம்மா'ன்னு சொன்னாங்க. காலையிலேர்ந்து அதுதான் காதுல கேக்குது. உங்க மாசக் கடைசி ஸ்டேட்மென்ட்டை நான் முடிச்சு அனுப்பிடறேன், மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். இதுக்குப் பதில் போட வேணாம்ண்ணே."

முதல் வரி நடந்ததைச் சொல்கிறது. சுற்றி வளைக்கவில்லை. "அந்தச் செய்தி", "நடந்த விஷயம்" என்று மறைத்து எழுதினால் அவருக்கு இன்னும் பாரம்.

இரண்டாவது வரி தவறியவரைப் பற்றியது. இதுதான் செய்தியின் உயிர். சம்பா நின்றபோதே தெளித்து, அறுவடைக்குப் பிறகு வயலில் எடுக்கிற பயறு அது. அவர் தன் பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். இது பிள்ளைக்குத் தெரியும், ஆனால் "கல்லு இருந்தா பாத்துக்கம்மா" என்று சொன்னது அவருக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றி அவரிடம் இல்லாத ஒரு துண்டு இப்போது அவர் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் தவறியவரைப் பார்த்ததே இல்லையா? அப்படியானால் உங்களோடு வேலை பார்ப்பவரிடம் நீங்கள் கண்டதையோ கேட்டதையோ எழுதுங்கள்: "சாயங்காலம் அஞ்சரைக்கு அம்மா போன் வந்தா நீங்க எழுந்து வெளியில போயிடுவீங்க." அதுவும் இல்லாவிட்டால் இந்த வரி வேண்டாம். இட்டுக்கட்டி "மிக நல்ல மனிதர்" என்று எழுதாதீர்கள். பார்க்காதவரை எப்படித் தெரியும் என்று அவருக்கே தோன்றும்.

மூன்றாவது வரி ஒரே ஒரு வேலை. அதுவும் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட வேலை. "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றால் யாரும் கேட்பதில்லை. "முடிச்சு அனுப்பிடறேன்" என்றால் அவர் தலையிலிருந்து ஒன்று இறங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். "லீவைப் பத்திக் கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவருக்கு யாரோ எழுதிவிட்டார்கள். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் அதை நம்பி இருந்தார். திரும்பி வந்த மாதம் நான்கு நாள் சம்பளம் பிடித்திருந்தது. அதனால்தான் "மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்" என்ற துண்டு. சொல்லிவிட்டு எழுதுங்கள், எழுதிவிட்டுச் சொல்லாதீர்கள்.

நான்காவது, பதில் வேண்டாம் என்பது. நம்மவர்கள் மரியாதைக்காகவே எல்லோருக்கும் "நன்றி" போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கடனை நீங்களே கழித்துவிடுங்கள்.

6. அனுப்பும் முன் தேடி எடுக்க வேண்டியவை

எழுதி முடித்ததும் முதலில் கேள்விக்குறியைத் தேடுங்கள். இருந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். "எப்படி ஆச்சு?" என்பது அக்கறையாகத்தான் தோன்றும். ஆனால் கேள்வி அதோடு நிற்பதில்லை. அடுத்து "எங்க காட்டினீங்க?" வரும், அதற்கடுத்து "முன்னாடியே தஞ்சாவூர் கொண்டு போயிருக்கலாமே" வரும். இது நம் பக்கத்தில் ஒவ்வொரு சாவு வீட்டிலும் கேட்கிற வாக்கியம். நெஞ்சு வலி என்று ராத்திரி பக்கத்து ஊருக்குக் கொண்டு போய், அங்கிருந்து தஞ்சாவூர் போகச் சொல்லி, வழியிலேயே முடிந்துபோனவர் வீட்டில் இதைச் சொன்னால், பிள்ளை அதைச் சாகும்வரை சுமப்பார். அவர் ஏற்கெனவே தன்னைத்தானே நூறு முறை கேட்டுவிட்டார்.

அடுத்து வயசு. "எண்பத்தி ரெண்டு வயசு, கல்யாணச் சாவு" என்று வீட்டார் சொல்லலாம். பேரன் பேத்திகள் பறையடித்து ஆடிக்கொண்டு போகலாம். அது அவர்கள் உரிமை. வெளியாள் எழுதும்போது, எண்பத்தி ரெண்டு வயசு அம்மாவுக்கு அழ வேண்டியதில்லை என்பதுபோல் ஆகிவிடும். "கஷ்டப்படாம போயிட்டாங்க" என்பதும் அப்படித்தான். அவர்கள் சொன்னால் தலையசையுங்கள், நீங்கள் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, கட்டளை. "அழாதீங்க", "தைரியமா இருங்க", "மனசைத் தேத்திக்குங்க." அழுகிற நாளில் அழ வேண்டாம் என்பதற்கு நாம் யார்? முதல் பிள்ளைக்கு "இனிமே நீங்கதான் குடும்பத்துக்கு எல்லாம்" என்று எழுதுவதும் கட்டளைதான். அதை அவருக்குச் சித்தப்பா பெரியப்பா எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

நான்காவது, உங்கள் சொந்தக் கதை. "எங்கப்பா போனப்ப நானும் இப்படித்தான்" என்று தொடங்கினால் செய்தி உங்களைப் பற்றியதாக மாறிவிடும். நீங்களும் பெற்றவரை இழந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தாலே போதும். ஒருநாள் அவராகக் கேட்பார், அப்போது சொல்லுங்கள்.

கடைசியாக, முடிக்கும் வரி. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டோம் அல்லவா. பல வீடுகளில் செய்தியிலும் அதைப் பார்ப்பார்கள், குறிப்பாகப் பெரியவர்கள் கூட இருந்து படிக்கும்போது. "மறுபடி வரேன்", "சீக்கிரம் சந்திப்போம்" என்று முடிக்காதீர்கள். வேலை பற்றிய வரியோடோ, பதில் வேண்டாம் என்பதோடோ நிறுத்திவிடலாம். "எப்ப ஜாயின் பண்றீங்க?" என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

7. இரண்டாவது செய்தி

முதல் மூன்று நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். பால் தெளித்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள். கருமாதி முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், வீடு காலியாகிவிடும். அப்புறம்தான் உண்மையான துக்கம் ஆரம்பிக்கும். யாருமே எழுதாத நேரமும் அதுதான்.

அதனால் காரியமோ படத்திறப்போ முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு வரி அனுப்புங்கள். "அண்ணே, ஸ்டேட்மென்ட் போயிடுச்சு. இன்னிக்கு உங்களை நினைச்சுக்கிட்டேன்." அவ்வளவு போதும். முதல் செய்தியில் எடுத்த வேலை முடிந்தது என்று தெரிவிப்பதும் இதிலேயே வந்துவிடும்.

அவர் வேலைக்குத் திரும்பும் காலையில் செய்தி வேண்டாம். மேஜையைத் துடைத்து வையுங்கள், சேர்ந்துபோன ஃபைலை அடுக்கி வையுங்கள். மொட்டை அடித்த தலையோடு வருகிறவரைச் சுற்றி நின்று மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டாம்.

8. அந்த ஒரு வருஷம்

பெற்றவர் தவறிய வருஷம் பல வீடுகளில் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். இதை மறந்து பொதுவாக வாழ்த்து அனுப்புவதுதான் வழக்கமான தவறு. குரூப்பில் வருவதை நிறுத்த முடியாது. நீங்கள் தனியாக அனுப்பும் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். என் போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், பெயரும் மாதமும் மட்டும்.

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை இந்த மூன்று நாளிலும், திதி கொடுக்கிற வீடு என்றால், அவர் காலையில் காவிரிப் படித்துறையிலோ பூம்புகார் கடற்கரையிலோ நின்றுகொண்டிருப்பார். முதல் வருஷம் அது ரொம்பக் கனமான காலை. அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தால் காரணம் கேட்காமல் இருக்க முன்கூட்டியே மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

வலங்கைமான் அண்ணன் வீட்டில் திதி கிடையாது. பொங்கல் மட்டும் எப்போதும் பெரிதாக வைப்பார்கள், தமிழர் திருநாள் என்று. இந்தத் தையில் வைக்கவில்லை. பொங்கலன்று வாழ்த்து எதுவும் அனுப்பாமல், அந்தப் பெண் அவருக்கு ஒரு வரி எழுதினாள்: "அண்ணே, அப்பா கொண்டாந்த பயறுல ஒரு பிடி எங்க வீட்டுல இன்னும் இருக்கு, அம்மா விதைக்கு எடுத்து வச்சிருக்காங்க." மத்தியானம் அவர் பதில் போட்டிருந்தார். பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த ஒரு முறத்தின் படம், கீழே "அப்பாவோடது" என்று ஒரே வார்த்தை.